தொலைந்த பார்சலுக்கு எவ்வளவு பணம் கிடைக்கும்: பர்கூர் பேல் ஒன்றை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கூரியரில் போட்ட பார்சல் தொலைந்தால் இழப்பீடு எவ்வளவு என்பதை மூன்று எண்கள் முடிவு செய்கின்றன. நீங்கள் கட்டிய ஃப்ரைட் என்ற அனுப்பும் கூலி, நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பு, ரிஸ்க் கட்டணம் என்று தனியாக எதுவும் கட்டினீர்களா என்பது. மூன்றும் புக்கிங் கவுண்டரிலேயே எழுதப்பட்டுவிடும். பார்சல் காணாமல் போன பிறகு எவ்வளவு சண்டை போட்டாலும் இந்த எண்களை மாற்ற முடியாது. அவற்றை வைத்து வாங்க வேண்டியதை வாங்கலாம், அல்லது கோட்டை விடலாம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் கடைக்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒரே குழப்பம்தான். "பில் போட்டுத்தானே அனுப்பினேன், மதிப்பு எழுதித்தானே கொடுத்தேன், முழுப் பணமும் வர வேண்டாமா?" என்று கேட்பார்கள். வராது. ஏன் வராது, அப்படியானால் எவ்வளவு வரும், அதை எப்படி வாங்குவது என்பதை ஓர் உதாரணத்தின் வழியே முழுவதுமாகச் சொல்கிறேன்.

உதாரணம்

பர்கூரில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் நாக்பூரில் உள்ள ஒரு கடைக்கு 40 சேலைகள் அனுப்புகிறார். ஒரு சேலை 650 ரூபாய் வீதம் 26,000. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 1,300 சேர்த்து இன்வாய்ஸ் 27,300. ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்பதால் இ-வே பில் தேவையில்லை. எல்லாம் தைத்துக் கட்டிய ஒரே மூட்டை, அதாவது ஒரே பேல், எடை 24 கிலோ, தரைவழி. ஃப்ரைட் 540 ரூபாய். செப்டம்பர் 10 அன்று புக்கிங், 15-ஆம் தேதிக்குள் டெலிவரி என்று சொல்கிறார்கள். பேல் ஓசூர், பெங்களூரு வழியாக ஐதராபாத் ஹப் வரை போனது டிராக்கிங்கில் தெரிகிறது. 13-ஆம் தேதிக்குப் பிறகு ஸ்கேன் எதுவும் இல்லை.

இதை அவர் நேரடியாகக் கூரியர் கம்பெனியில் போடவில்லை. பல கூரியர்களை ஒரே ஆன்லைன் பேனலில் சேர்த்துக் கொடுக்கும் மூன்றாம் தரப்பு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் ஒன்றின் வழியாகப் போட்டார். இப்போது பெரும்பாலான சிறு வியாபாரிகள் இப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே இதில் மூன்று கைகள் உண்டு: பணம் வாங்கிய பேனல் கம்பெனி, வண்டி ஓட்டிய கூரியர் கம்பெனி, பர்கூரில் பேலை எடுத்துப் போன ஃப்ரான்சைஸ் ஆபீஸ்.

சட்டம் சொல்லும் எல்லை

சாலை வழியே சரக்கு எடுத்துச் செல்வதற்கு 2007-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 1865-ஆம் ஆண்டின் பழைய கேரியர்ஸ் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதற்கான விதிகள் 2011-இல் வந்தன. லாரி சர்வீஸுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டு போகும் கூரியர் ஏஜென்சி, புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் "பொதுக் கேரியர்" என்ற சொல்லுக்குள் அந்தச் சட்டமே கொண்டு வந்திருக்கிறது. அரசு மட்டும் விலக்கு. அதனால் தபால் துறைக்கு இது பொருந்தாது. ஸ்பீடு போஸ்ட்டில் தொலைந்தால் தபால் துறையின் வழக்கமான கணக்கு, கட்டிய கட்டணத்தில் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. பார்சல் விமானத்தில் போனால் அந்தப் பகுதிக்கு வேறு சட்டம். தரைவழிப் பார்சலை மட்டும் இங்கே பார்ப்போம்.

கேரியரின் பொறுப்பு, ஃப்ரைட்டில் பத்து மடங்கு வரை. அந்தத் தொகை நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டவும் கூடாது. இதுதான் விதி. இதற்கு மேல் வேண்டுமென்றால், புக்கிங்கின் போதே கேரியர் நிர்ணயித்த கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்ட ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பேலுக்குக் கணக்குப் போட்டால், 540-இன் பத்து மடங்கு 5,400. ரசீதில் 27,300 என்று எழுதியிருந்தாலும் சட்டப்படியான எல்லை 5,400தான். மதிப்பை எழுதுவது காப்பீடு எடுப்பது ஆகாது. அது உச்சவரம்பைச் சொல்கிறது, அவ்வளவுதான். தன் பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்தவுடன் கம்பெனி அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டது என்று நினைப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

இந்தப் பத்து மடங்கு விதி எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக் கூழ் டின்கள் 300 கிலோ போகிறது, சரக்கு மதிப்பு 30,000, ஃப்ரைட் 3,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு 36,000. அதாவது ரிஸ்க் கட்டணம் ஒரு பைசா கட்டாமலே முழு மதிப்பும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதே சமயம் தர்மபுரியிலிருந்து 12,000 ரூபாய் பட்டுச்சேலை ஒன்று, ஒரு கிலோ பார்சலாக 90 ரூபாய்க்குப் போனால் எல்லை 900 ரூபாய். எடை அதிகம், விலை குறைவு என்றால் சட்டமே ஓரளவு காப்பாற்றுகிறது. எடை குறைவு, விலை அதிகம் என்றால் நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் சரக்கு எந்தப் பக்கம் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எதற்கு ரிஸ்க் கட்டணம் கட்டுவது, எதற்கு வேண்டாம் என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

ஒப்பந்தம் சொல்லும் எல்லை

பேனல் கம்பெனியின் ஒப்பந்தத்தில் வேறு ஓர் எண் இருக்கும். "ஒரு பார்சலுக்கு 2,000 ரூபாய் அல்லது இன்வாய்ஸ் மதிப்பு, இதில் எது குறைவோ அது" என்பது போல. பதிவு செய்யும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அதுதான் ஒப்பந்தம்.

இந்த வாசகத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், கையெழுத்துப் போட்ட கூரியர் ரசீதில் 100 டாலர் எல்லை என்று அச்சிட்டிருந்ததால் அதுவே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டுக்கு ஆவணங்களை அனுப்பி, அவை போய்ச் சேராததால் பெரிய நஷ்டம் அடைந்த வழக்கு அது. கையெழுத்துப் போட்டவர் நிபந்தனைகளை ஏற்றவர் ஆகிறார் என்பதே அதன் சாரம். ஆகவே கையெழுத்து இருக்கிறதா, ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டது மட்டும்தானா, நிபந்தனை உங்களுக்குக் காட்டப்பட்டதா என்பதெல்லாம் பிறகு முக்கியமாகும்.

அப்படியானால் நம் பேலுக்கு 2,000-ஆ, 5,400-ஆ? பழைய 1865 சட்டத்தில், கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் மூலம் கேரியர் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள வெளிப்படையான இடம் இருந்தது. 2007 சட்டம் எல்லையை விதிகளின் கையில் கொடுத்துவிட்டது. தரைவழிச் சரக்குக்கு 5,400-ஐக் கேட்க இதுவே நல்ல வாதம். கம்பெனி இதை எளிதில் ஏற்காது. ஆனால் கடிதத்தில் இந்த எண்ணை எழுதாமல் விட்டால் அவர்கள் 2,000-க்கு மேல் வாய் திறக்கவே மாட்டார்கள். என் அனுபவத்தில், பத்து மடங்குக் கணக்கை எழுத்தில் போட்டுக் கேட்டவர்களுக்கும் சும்மா "பணம் கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்கும் வரும் பதிலில் வித்தியாசம் தெரிகிறது.

மாதம் நூறு பார்சலுக்கு மேல் அனுப்புபவர் என்றால் ஒப்பந்தத்தைப் பேசி மாற்ற இடம் உண்டு. எல்லாவற்றையும் மாற்றக் கேட்டால் எதுவும் நடக்காது. மூன்று இடத்தில் மட்டும் பேசுங்கள். முதலாவது, எத்தனை நாள் ஸ்கேன் இல்லாவிட்டால் பார்சல் "தொலைந்தது" என்று கணக்கு என்பதை எண்ணில் எழுத வையுங்கள். இது எழுதப்படாத ஒப்பந்தத்தில் "விசாரணை நடக்கிறது" என்ற பதில் மாதக்கணக்கில் ஓடும். இரண்டாவது, க்ளெய்ம் போட எத்தனை நாள் என்பது. 48 மணி நேரம், ஏழு நாள் என்று குறுக்கியிருப்பார்கள். குறித்த நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமையே அழிந்துவிடும் என்று எழுதும் வாசகம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனாலும் அதை நம்பி நாளைத் தள்ள வேண்டாம், அந்த ஏழு நாளுக்குள் போட்டுவிடுவதே நல்லது. மூன்றாவது, ஏற்றுக்கொண்ட க்ளெய்ம் தொகையை அடுத்த ஃப்ரைட் பில்லில் கழித்துக்கொள்ளும் உரிமை. இது இல்லாவிட்டால் "கிரெடிட் நோட் வரும்" என்று இழுப்பார்கள்.

புக்கிங் அன்று செய்ய வேண்டியது

ரிஸ்க் கட்டணத்தைப் பற்றி முதலில் முடிவு செய்யுங்கள். ரசீதில் இழப்பு அனுப்புபவர் தலையில் என்ற "ஓனர்ஸ் ரிஸ்க்", கம்பெனி தலையில் என்ற "கேரியர் ரிஸ்க்" என்று இரண்டு கட்டம் இருக்கும். பேனலில் என்றால் "ஷிப்மென்ட் பாதுகாப்பு" போன்ற பெயரில் ஒரு பட்டன். அந்தக் கட்டணம் பில்லில் எஃப்.ஓ.வி. என்று தனி வரியாக வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஓனர்ஸ் ரிஸ்க்தான் டிக் ஆகும்.

நம் பேலுக்கு ரிஸ்க் கட்டணம் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 546 ரூபாய். ஃப்ரைட்டே 540தான், இன்னொரு ஃப்ரைட் கட்டுவது போல இருக்கிறது என்று கடைக்காரர் தயங்குவது நியாயம். கணக்கு இப்படி: 546 கட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பு 27,300-இல் 5,400 போக மீதி 21,900. அதாவது நாற்பது பேலில் ஒன்று தொலைந்தால்தான் கட்டிய பணமும் வரும் பணமும் சமமாகும். உங்கள் கணக்கில் அவ்வளவு தொலைவதில்லை என்றால் சராசரியில் கட்டாமல் இருப்பதே லாபம். ஆனால் ஒரே ஒரு பேல் போனால் அந்த மாத வருமானமே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் சராசரியைப் பார்க்கக் கூடாது, கட்டிவிட வேண்டும். ஆண்டு முழுவதும் நிறைய அனுப்புபவர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்து பாலிசி விலை கேட்டு, இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேனல் கம்பெனியே "இன்சூரன்ஸ்" என்று விற்றால், பாலிசி யார் பெயரில், எந்தச் சரக்கு விலக்கு, முழுப் பார்சல் காணாமல் போனால் மட்டுமா, உள்ளே இருந்து எடுத்தாலும் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கம் இங்கே உண்டு. ரிஸ்க் கட்டணம் குறையும், கேள்வி வராது என்று 27,300 சரக்குக்கு 5,000 என்று எழுதுவார்கள். அப்படி எழுதியபின் உங்கள் உச்சவரம்பு 5,000. ஊழியர் திருடியது நிரூபணமானாலும் 5,000தான். இன்வாய்ஸில் ஒன்று, ரசீதில் ஒன்று இருந்தால் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் முதலில் பிடித்துக்கொள்வது இந்த முரணைத்தான். ஆகவே ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டாலும் மதிப்பை இன்வாய்ஸ்படியே எழுதுங்கள்.

பிறகு ஆதாரம். பேலைத் தைப்பதற்கு முன் சேலைகள் தெரியும்படி ஒரு படம், தராசில் எடை தெரியும்படி லேபிளோடு ஒரு படம், எடுத்துப் போக வந்தவர் ஸ்கேன் செய்யும்போது ஒரு படம். இன்வாய்ஸின் ஒரு நகலைப் பேலுக்குள்ளேயும் வையுங்கள். வெளி லேபிள் கிழிந்து ஹப்பில் அநாதையாகக் கிடக்கும் பார்சல்கள் உண்டு. திறந்து பார்க்கும்போது உள்ளே முகவரி இருந்தால் திரும்பிவர வழியிருக்கிறது.

காணவில்லை என்றால், முதல் வாரம்

டிராக்கிங் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சில வரிகள் மாறலாம். கடைசி ஸ்கேன் எந்த ஊர், எந்த ஹப், எந்த நேரம், வந்தது என்ற ஸ்கேனா, கிளம்பியது என்ற ஸ்கேனா என்று பாருங்கள். நம் உதாரணத்தில் ஐதராபாத் ஹப்புக்கு "வந்தது" என்று ஸ்கேன் இருக்கிறது, "கிளம்பியது" இல்லை. அப்படியானால் பேல் ஹப்புக்குள் தொலைந்திருக்கிறது, வண்டியில் அல்ல. இதைக் கடிதத்தில் எழுத வேண்டும். பல ஹப்களில் எடையும் பதிவாகும். பெங்களூருவில் 24 கிலோ, அடுத்த இடத்தில் 15 கிலோ என்று இருந்தால் வழியில் பேலைப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எடை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் எடை என்று உங்களிடம் பணம் கேட்கும்போது அவர்கள் காட்டும் அதே பதிவுதான் இது.

"டெலிவர்ட்" என்று காட்டி, வாங்குபவர் "எனக்கு வரவில்லை" என்றால், டெலிவரிக்கான ஆதாரம் முழுவதையும் கேளுங்கள். கையெழுத்து, பெயர், ஓ.டி.பி. போட்ட நேரம், டெலிவரி நடந்த இடத்தின் வரைபடப் புள்ளி, படம். வாங்குபவரிடமிருந்து "இந்த எண் கொண்ட பார்சல் என்னிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்று அவர் கடை லெட்டர்பேடில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர் தன் வேலையில் மும்முரமாகிவிடுவார்.

சேதமாகவோ எடை குறைந்தோ வந்தால், வாங்குபவர் கையெழுத்துப் போடும் முன் ரசீதிலேயே "பேல் பிரிந்த நிலையில், எடை 15 கிலோ" என்று எழுதச் சொல்லுங்கள். "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகு வரும் புகாரை எந்தக் கம்பெனியும் எளிதாகத் தட்டிவிடும்.

16-ஆம் தேதியே பேனலில் டிக்கெட் போடுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பேசினால் பேசியதைச் சுருக்கி ஒரு மெயில் அனுப்புங்கள்.

180 நாள் நோட்டீஸ்

டிக்கெட் போட்டோம், மெயில் போட்டோம், பதில் வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் கைநழுவிப் போவது இதுதான். 2007 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் இழப்பைப் பற்றி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கேரியர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. தொலைந்த நாளிலிருந்து அல்ல, கம்பெனி "தொலைந்தது" என்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்தும் அல்ல. புக்கிங் தேதியிலிருந்து. செப்டம்பர் 10-இல் புக் செய்த பேலுக்கு, பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில், மார்ச் 9-ஆம் தேதி 180-ஆவது நாள். தீபாவளி, பொங்கல் சீசன் வியாபாரம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வைத்தால் இந்த நாள் வந்துவிடும்.

நோட்டீஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான தபால் டிராக்கிங் பிரிண்டை வைத்துக்கொள்ளுங்கள். பேனல் கம்பெனி, கூரியர் கம்பெனி, பர்கூர் ஃப்ரான்சைஸ் மூன்றுக்கும் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் "எங்களிடம் அல்ல, அவர்களிடம் கேளுங்கள்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

> 10.09 அன்று உங்களிடம் புக் செய்த, இந்த ஏ.டபிள்யூ.பி. டிராக்கிங் எண் கொண்ட 24 கிலோ பேல் (40 சேலைகள், ரசீதில் குறித்த மதிப்பு ரூ. 27,300, ஃப்ரைட் ரூ. 540) இன்றுவரை நாக்பூரில் ஒப்படைக்கப்படவில்லை. கடைசியாக 13.09 அன்று உங்கள் ஐதராபாத் ஹப்பில் வரவு ஸ்கேன் ஆகியிருக்கிறது. 2007 சாலை வழிச் சரக்குச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி இது இழப்பு நோட்டீஸ். பேல் இழந்த சூழ்நிலையையும் அது குறித்துப் போலீஸ் புகார் அளித்திருந்தால் அதன் நகலையும் தாருங்கள். ஊழியர் குற்றச் செயலால் இழப்பு நேர்ந்திருந்தால் ரசீதில் குறித்த முழு மதிப்பையும், இல்லையெனில் குறைந்தபட்சம் ஃப்ரைட்டின் பத்து மடங்கான ரூ. 5,400-ஐயும் 30 நாளுக்குள் செலுத்தக் கோருகிறேன்.

இதில் ஊழியர் குற்றச் செயல் என்ற வரி சும்மா சேர்த்ததல்ல. கேரியரோ, அவருடைய ஊழியரோ, ஏஜென்ட்டோ செய்த குற்றத்தால் சரக்கு போயிருந்தால், பத்து மடங்கு எல்லைக்குள் நிற்காமல் ரசீதில் எழுதிய மதிப்புப்படி பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. கேரியரிடம் ஒப்படைத்த சரக்கை அவரே கையாடுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஹப்புக்குள் வந்த ஸ்கேன் இருந்து, வெளியேறிய ஸ்கேன் இல்லாதபோது, சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படி நோட்டீஸிலேயே கேட்பதும் பயன் தரும். ஹப்பில் இப்படித் தொடர்ந்து சரக்கு போய்க்கொண்டிருந்தால் கம்பெனியே போலீசில் புகார் கொடுத்திருக்கும். அந்த எஃப்.ஐ.ஆர். நகல் உங்கள் கைக்கு வந்தால் 5,400-க்குப் பதில் 27,300 கேட்க நல்ல ஆதாரம் கிடைக்கிறது.

இன்னொன்று. கேரியரின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஒப்படைத்தீர்கள், போய்ச் சேரவில்லை என்பது போதும். வெள்ளம், நில அதிர்வு போன்ற இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசு உத்தரவு போன்ற காரணம் இருந்தால் அதைக் காட்ட வேண்டியது அவர்கள் வேலை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் இந்தச் சுமை கேரியர் மீதுதான் என்று 2000-இல் படேல் ரோட்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "உங்கள் பேக்கிங் சரியில்லை" என்ற பதில் சேதத்துக்குப் பொருந்தலாம். முழுப் பேலும் காணாமல் போனதற்குப் பேக்கிங்கைச் சொல்ல முடியாது.

க்ளெய்ம் பில்லும் ஜி.எஸ்.டி.யும்

நோட்டீஸோடு இன்வாய்ஸ், ரசீது, படங்கள், டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட், வாங்குபவரின் கடிதம், ரத்து செய்த காசோலை ஆகியவற்றை வையுங்கள். தொகை எழுதும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கு போய்ச் சேராததால் வாங்குபவருக்குக் கிரெடிட் நோட் போடுவீர்கள், விற்பனை வரி 1,300 அப்போது கழிந்துவிடும். ஆனால் தொலைந்த சரக்குக்கு நீங்கள் கொள்முதலின்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சேலையை 500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் ஒன்றுக்கு 25 வீதம் 1,000 ரூபாய். இதுவும் உங்கள் இழப்பு. ரிஸ்க் கட்டணம் கட்டி முழு மதிப்புக் கேட்கும் நிலையில் இருந்தால், 26,000-உடன் இந்த 1,000-ஐத் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். "ஜி.எஸ்.டி. தர மாட்டோம்" என்று பொதுவாகச் சொல்பவர்களுக்கு, கேட்பது விற்பனை வரி அல்ல, திருப்பிக் கட்டிய வரவு என்பதைக் காட்ட ஆடிட்டரிடம் ஒரு வரிச் சான்று வாங்கி வைத்தால் போதும்.

தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் கேரியருக்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு கேரியரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாறும். அந்த உரிமையை நீங்கள் 180 நாளைத் தவறவிட்டுக் கெடுத்திருந்தால் உங்கள் க்ளெய்மே சிக்கலாகும்.

2,000 ரூபாய் தருகிறோம் என்றால்

பெரும்பாலும் முதலில் வருவது இதுதான். கூடவே "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு படிவமோ, பேனலில் ஒரு "ஏற்கிறேன்" பட்டனோ வரும். மீதியைக் கேட்கும் எண்ணம் இருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்றால் அன்றே மெயிலில் "ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாக மட்டும் வரவு வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி பார்சலில் வேறு ஒரு நிலை வரும். பொருள் போய்ச் சேர்ந்தது, டெலிவரி பையன் பணமும் வாங்கிவிட்டார், உங்களுக்கு மட்டும் வரவில்லை. இதையும் "தொலைந்த பார்சல்" கணக்கில் போட்டு 2,000 தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்காக வசூலித்த பணம் அது. அதற்கு இழப்பீட்டு எல்லை பொருந்தாது, முழுத் தொகையும் கடன்.

எங்கே போவது

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, பெரிய கம்பெனிகள் அங்கே வரும் புகாருக்குப் பதில் சொல்கின்றன. ஆனால் அது தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். "டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்" என்று ஒப்பந்தத்தில் இருப்பது இதைத் தடுக்காது. நடுவர் தீர்ப்பாய வாசகமும் தடுக்காது. கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் தொகையை வைத்தல்ல, சேவைக்குக் கட்டிய பணத்தை வைத்து. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, நம் பேலுக்குக் கட்டியது 540. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் போடலாம்.

இங்கே ஒரு தடை உண்டு. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்ல என்று கம்பெனி முதல் பக்கத்திலேயே எழுதும். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துத் தொழில் செய்பவருக்கு விலக்கு கேட்க வழி உண்டு. ஆகவே தனி ஆளாகவோ குடும்பத்தோடோ கடை நடத்துபவர் புகாரின் தொடக்கத்திலேயே அதை எழுதி, தொழிலின் அளவு தெரியும்படி ஆவணம் வைக்க வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் இந்த வழி கடினம். அவர்களுக்குச் சிவில் நீதிமன்றம், மூன்று ஆண்டு கால வரம்பு.

ஐயாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் சிவில் வழக்கு நடத்துவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதற்கு முன் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்து, சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று பட்டியலில் உள்ளது. அதனால் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கும் உரியது. அங்கே வணிக நோக்கமா இல்லையா என்ற கேள்வி எழாது, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. மனுவோடு நோட்டீஸ் நகலும் அது 180 நாளுக்குள் போய்ச் சேர்ந்ததற்கான தபால் சான்றும் இருக்க வேண்டும்.